ஒரு ராத்திரிக்கு எவ்வளவு? ஆடுதுறைப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே அறைக்கு விலை வைத்த கதை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையில், காவிரிக் கரையோரமாக ஒரு பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். மகன் சென்னையில் வேலை. முற்றத்தை ஒட்டிய பெரிய அறையில் குளியலறை கட்டி, ஏசி மாட்டி, 2024 ஜனவரியில் ஒரு புக்கிங் தளத்தில் ஏற்றியது மகன்தான்.

நான் கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் பல வருடம் கணக்கு பார்த்தவன். இப்போது இந்த மாதிரிச் சின்னத் தங்குமிடங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். 2024 அக்டோபரில் டீச்சர் கூப்பிட்டார். "ஆள் வருது, போகுது. கையில எதுவும் நிக்கலை. நீயே வந்து பாருப்பா" என்றார். அன்றைக்குத் தொடங்கி 2025 அக்டோபர் வரை நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு யார் வருகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், விலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதால். பக்கத்திலேயே சூரியனார்கோயில், கஞ்சனூர். கல்யாணத் தடை நீங்க வேண்டி வருபவர்களுக்குத் திருமணஞ்சேரி. வைத்தீஸ்வரன்கோயிலும் திருநாகேஸ்வரமும் காரில் போய்வரும் தூரம்தான். ஆகவே வருகிறவர்களில் பெரும்பாலோர் நவக்கிரகக் கோயில் சுற்றுகிறவர்கள். சாயங்காலம் வருவார்கள், படுப்பார்கள், விடியற்காலை குளித்துவிட்டுக் கிளம்புவார்கள். ஒரே ஒரு ராத்திரி. கொஞ்சப் பேர் மட்டும், வெளியூரில் குடியேறிய இந்தப் பக்கத்துக் குடும்பங்கள், மூன்று நான்கு நாள் இருப்பார்கள்.

மகன் வைத்த விலை

ஒரு இரவுக்கு 1,500 ரூபாய். அதோடு தங்கலுக்கு ஒரு முறை சுத்தக் கட்டணம் 600. கூடுதல் ஆள் கட்டணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். ஏப்ரல், மே மாதங்களுக்கு 30 விழுக்காடு தள்ளுபடி. "அந்த வெயில்ல தஞ்சாவூர் ஜில்லாவுக்கு யாரு வரப்போறா?" என்பது அவர் கணக்கு. மழைக் காலத்துக்குத் தள்ளுபடி இல்லை.

தளம் தன் பங்காக 15 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு மீதியை வங்கிக்கு அனுப்பும். சுத்தக் கட்டணமும் இதில் அடக்கம், அதிலும் 15 போகும். அப்புறம் ஜிஎஸ்டி. டீச்சரின் வரவு பதிவு வரம்பான 20 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் தளம் வழியாக அறை விற்றால் வரியைத் தளமே விருந்தினரிடம் வாங்கிக் கட்டிவிடும். அப்போது அது 12 விழுக்காடு. ஆகவே ஒரு இரவுக்கு விருந்தினர் திரையில் பார்த்த தொகை 1,500 இல்லை. 2,100-உம் அதற்கு வரியும் சேர்த்து 2,352.

கவனித்தவை

டீச்சரிடம் ஒரு வருகைப் பதிவேடு இருந்தது. பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பார்களே, அதே நீள நோட்டு. பெயர் எழுதும் கட்டத்தில் வண்டி எண். தேதிக் கட்டங்களில் எத்தனை பேர், எத்தனை துண்டு சலவைக்குப் போனது, எத்தனை மணிக்குச் சாவி கொடுத்தார்கள் என்பதெல்லாம் சிவப்பு, நீல மையில். போனில் விசாரித்துவிட்டு வராதவர்களுக்குக் கடைசிப் பக்கங்களில் தனிக் கட்டம் போட்டு, 'ஆப்சென்ட்' என்று எழுதிப் பக்கத்தில் காரணமும் குறித்திருந்தார். நான் லாட்ஜில் இருந்த அத்தனை வருடத்திலும் வராத ஆளைப் பற்றி யாரும் எழுதி வைத்துப் பார்த்ததில்லை. பிறகு எடுத்த முடிவுகளில் பாதி அந்தக் கடைசிப் பக்கங்களிலிருந்து வந்தவை.

ஜனவரி முதல் அக்டோபர் வரை 41 தங்கல், மொத்தம் 63 இரவு. அதில் 26 தங்கல் ஒரே இரவு. விசாரித்து வராதவர்களிலும் ஒரு இரவு கேட்டவர்களே அதிகம். காரணக் கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒன்றே இருந்தது: 'க்ளீனிங் 600ஆ என்றார்'.

கும்பகோணம் பேருந்து நிலையப் பக்கம் ஏசி போட்ட இரட்டைப் படுக்கை அறை அப்போது 1,500 முதல் 1,800 வரை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஒரு இரவுக்காரருக்கு எங்கள் அறை 2,100. மூன்று இரவுக்காரருக்கு அதே 600 மூன்றாகப் பிரிந்து இரவுக்கு 1,700 ஆகிவிடும். தங்கலுக்கு ஒரு முறை வாங்கும் கட்டணம் எதுவானாலும் இப்படித்தான் வேலை செய்யும். குறுகத் தங்குகிறவர் தலையில் முழுதாக விழும், நீளத் தங்குகிறவருக்குக் கண்ணிலேயே படாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு ராத்திரிக்காரர்களாக இருக்கும் ஊரில், அந்தக் கட்டணத்தைப் பெரிதாக வைத்திருந்தோம்.

600-ஐப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறையைச் சுத்தம் செய்ய அதே தெருவிலிருந்து ஒரு அக்கா வருகிறார். ஒரு முறைக்கு 200 ரூபாய். புரட்டாசியில் ஒரு நாள், கிளம்பிக்கொண்டிருந்த விருந்தினர் இவரைப் பார்த்து, "உங்களுக்குத்தான் அறுநூறு கட்டியாச்சே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால் பார்சல் இலைகளும் குழம்புப் பொட்டலங்களும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அக்கா எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிட்டு முற்றத்தில் வந்து நின்று கேட்டார்: "டீச்சரம்மா, என் பேர்ல அறுநூறு வாங்கிட்டு எனக்கு எரநூறுதானா?" டீச்சரிடம் பதில் இல்லை. என்னைக் கூப்பிட்டது அதற்கு அடுத்த வாரம்தான். கட்டணம் பெரிதானால் அழுக்காக்கவும் சேர்த்துக் கட்டிவிட்டோம் என்று சிலர் நினைக்கிறார்கள். பதிவேட்டில் 'அறை மோசம்' என்று குறித்திருந்த ஐந்தில் நான்கு ஒரு இரவுத் தங்கல்கள்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. 41 தங்கலில் 33 பேர் தளத்தில் 'இரண்டு பேர்' என்று போட்டிருந்தார்கள். வந்து இறங்கியவர்களைப் பதிவேடு வேறு மாதிரி எண்ணியிருந்தது. இரண்டு பேராக வந்தது 17, மூன்று பேர் 9, நான்கு பேர் 11, அதற்கும் மேல் 4. இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். கட்டணம் இல்லாதபோது பொய் சொல்ல என்ன இருக்கிறது? தேடும்போது திரையில் இருந்த எண்ணை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு சனிக்கிழமை இரண்டு என்று போட்ட இடத்தில் தாத்தா, பாட்டி, பிள்ளைகளோடு ஆறு பேர் வந்தார்கள். 500 லிட்டர் தொட்டி விடியற்காலை ஐந்தரைக்கே காலி. ஆறாவது ஆள் சோப்பு போட்டுக்கொண்டு நிற்க, டீச்சர் மோட்டார் போட ஓடினார். இட்லி மாவும் இரண்டு பேருக்குத்தான் இருந்தது.

மூன்றாவது, தள்ளுபடி. மே மாதத்து வெள்ளி, சனி இரவுகள் எல்லாம் ஏப்ரல் 10-ஆம் தேதிக்குள் நிரம்பிவிட்டன. பள்ளி விடுமுறை, வைகாசி முகூர்த்தங்கள், மே 1-ஆம் தேதி ஆலங்குடியில் குருப்பெயர்ச்சி. கும்பகோணத்தில் அறை கிடைக்காதவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். நாள் நெருங்குவதற்கு வெகு முன்னாலேயே எல்லாம் போய்விட்டால் விலை குறைவு என்று அர்த்தம். மகன் அதை 'சூப்பர் டிமாண்ட்' என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தார். 1,500 கொடுக்கத் தயாராக இருந்தவர்களிடம் 1,050 வாங்கியிருக்கிறோம்.

வெயிலைப் பற்றி யாருமே குறை சொல்லவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். ஜூனில் ஒருவர் மட்டும் "காவிரிக்கரை வீடுன்னு போட்டிருக்கீங்க, ஆத்துல மணல்தான் இருக்கு" என்றிருக்கிறார். அந்த வருடம் மேட்டூர் திறந்ததே ஜூலை 28-இல்தான். படத்தில் தளும்பும் ஆறு நவம்பரில் எடுத்தது.

இதற்கு நேர்மாறாக அக்டோபரில் நடந்தது. ஐப்பசி பிறந்ததும் புக்கிங் நின்றுவிட, மகன் 40 விழுக்காடு குறைத்தார். இரண்டு வாரத்தில் மூன்று புக்கிங். இரண்டு, மழை எச்சரிக்கை வந்ததும் ரத்தாயின. மூன்றாவது, தீபாவளிக்குச் சொந்த ஊர் வந்த ஒரு குடும்பம், மூன்று இரவு. தீபாவளி அன்றைக்குத்தான், ஊரும் இதுதான். எந்த விலையிலும் வந்திருப்பார்கள். 5,100 வர வேண்டிய இடத்தில் 3,300 வந்தது.

கணக்கு: எதற்குக் கீழே போகக் கூடாது

விலையைத் தொடுமுன் டீச்சரோடு உட்கார்ந்து செலவை இரண்டாகப் பிரித்தோம். ஆள் மாறும்போது வருகிற செலவு ஒன்று, ஒவ்வொரு ராத்திரியும் வருகிற செலவு இன்னொன்று.

ஆள் மாறினால் அக்காவுக்குக் கூலி உண்டு. முற்றத்தில் அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு டீச்சர் அதை 250 ஆக்கிவிட்டார். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு சலவைக்கு 110. பினாயில், சோப்பு 20. மொத்தம் 380. ராத்திரிக்கு ராத்திரி ஏசி மின்சாரம் சுமார் 90, இரண்டு பேருக்குக் காலை டிபன் 120, தண்ணீர் கேன் 30. மொத்தம் 240.

டீச்சரின் உழைப்பை அதுவரை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை. நாலரைக்கு எழுந்து வெந்நீர் போட்டு, ஆறு மணிக்குள் டிபன் கட்டிக் கொடுக்கிறார். எவ்வளவு நின்றால் எழுந்திருப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு ராத்திரிக்கு அறுநூறு. அதுக்குக் கீழன்னா நான் தூங்கிடுறேன்" என்றார். அதையே செலவாக எழுதிக்கொண்டோம்.

அப்படியானால் ஒரு இரவுத் தங்கலுக்கு 380, 240, 600 சேர்ந்து 1,220 கைக்கு வர வேண்டும். தளத்தின் 15 விழுக்காடு போய் அது வர வேண்டுமானால் விருந்தினரிடம் வரி நீங்கலாக 1,435 வாங்க வேண்டும். இரண்டு இரவானால் ஆள் மாறும் செலவு ஒரு முறைதான். கைக்கு 2,060, விருந்தினரிடம் 2,424. இரவுக்கு 1,212-தான் ஆகிறது. இதனால்தான் 'குறைந்தபட்ச விலை' என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. இரண்டாவது ராத்திரியை முதல் ராத்திரியைவிட மலிவாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*சுத்தக் கட்டணம்.* மகன் அதை அடியோடு எடுத்துவிட்டு இரவு விலையிலேயே சேர்த்துவிடலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் மூன்று நாள் தங்குகிறவர் மூன்று முறை சுத்தம் செய்ததற்குக் கொடுப்பார். அவர்களோ எங்களுக்கு வேலை குறைந்த, அறையை ஒழுங்காக வைத்திருந்த விருந்தினர்கள். ஆகவே பாதி வழியில் நின்றோம். இரவுக்கு 1,650, சுத்தக் கட்டணம் 250. ஒரு இரவுக்கு 2,100 இருந்தது 1,900 ஆயிற்று. இரண்டு இரவுக்கு 3,600 இருந்தது 3,550. மூன்று இரவுக்கு 5,100 இருந்தது 5,200. எங்கே ஆள் கழன்றுகொண்டார்களோ அங்கே குறைத்து, கழலாத இடத்தில் 100 ரூபாய் ஏற்றினோம். 250 என்பது அக்காவின் கூலிக்குச் சமம். தளத்தின் பங்கு போய் 212.50-தான் வரும், மீதியை டீச்சர் தன் கையிலிருந்து போடுகிறார். இனி யார் என்ன சொன்னாலும் அந்தத் தொகை முழுதும் தனக்குத்தான் என்று அக்காவுக்குத் தெரியும்.

*கூடுதல் ஆள்.* முதலில் மூன்றாவது ஆளிலிருந்து தலைக்கு 500 என்று வைத்தோம். மூன்றே வாரத்தில் கைவிட்டோம். "பாட்டி மூலையில பாய் போட்டுப் படுத்துக்கப்போறாங்க, அதுக்கு ஐநூறா?" என்று கேட்டு ஒருவர் ரத்து செய்தார். கேட்டதில் நியாயமும் இருந்தது. கூடுதலாக ஒருவர் வந்தால் எங்களுக்கு ஆகும் செலவு, டிபன், சலவை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 125-ஐத் தாண்டாது. 250 ஆக்கினோம். நான்கு பேர் ஒரு இரவு தங்கினால் 2,400. இதே நான்கு பேர் லாட்ஜுக்குப் போனால் இரண்டு அறை, 3,000-க்குக் குறையாது. இரண்டு பேருக்கு நாங்கள் லாட்ஜைவிடக் கொஞ்சம் விலை கூட, நான்கு பேருக்கு நன்றாகவே மலிவு. அதை அறையின் விவரத்தில் முதல் வரியாகவே எழுதினோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. தளம் குழந்தையையும் ஆளாக எண்ணிவிட்டால் டீச்சர் அந்தத் தொகையைத் தளம் வழியாகவே திருப்பி அனுப்புவார். உச்ச வரம்பு ஐந்து பேர். தொட்டி 500 லிட்டர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

கட்டணம் வந்துவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லத் தோன்றும். வாசலில் நின்று தலையை எண்ணி, பெட்டியோடு நிற்கிறவர்களிடம் காசு கேட்பது டீச்சருக்குச் சரிப்படாது. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு செய்தி அனுப்புவார்: "நாளை மறுநாள் காலை எத்தனை பேருக்கு டிபன்? இட்லியா, பொங்கலா?" எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டால் இரண்டு என்று வரும் பதில், டிபன் என்றதும் நான்காகிவிடுகிறது. உடனே புக்கிங்கில் எண்ணிக்கையை மாற்றச் சொல்லித் தளத்திலேயே கோரிக்கை அனுப்புவோம். கையில் காசு வாங்குவதில்லை.

*சீசன் இல்லாத நாட்கள்.* முன்பு மாதத்தைப் பார்த்து வெட்டினோம், இப்போது காரணத்தைப் பார்த்தோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, வார நாட்களில் ஆள் குறைவு. அந்தச் சமயம் வருகிறவரை இன்னொரு நாள் இருக்க வைப்பதுதான் சுலபம். அதனால் ஒரு இரவு விலையைத் தொடாமல் இரண்டு இரவுக்கு 17 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தோம். தள்ளுபடி இரவு விலைக்கு மட்டும், சுத்தக் கட்டணத்துக்கு இல்லை. மொத்தம் ஏறக்குறைய 2,990. எல்லைக் கோடான 2,424-க்கு நன்றாகவே மேலே.

ஐப்பசி, கார்த்திகையில் ஆள் வராததற்கு விலை காரணமில்லை, மழைதான் காரணம். விலையைக் குறைத்தால் மழை நிற்காது. ஆகவே ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டும் 15 விழுக்காடு குறைத்து 1,400 ஆக்கினோம். அதைவிட முக்கியமாக, வருவதற்கு 24 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்று மாற்றினோம். தீபாவளிக்கும், ஐப்பசிக் கடைசி நாள் மயிலாடுதுறைக் கடைமுழுக்குக்கும் தள்ளுபடி கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஐப்பசி செத்த மாதம். துலா ஸ்நானத்துக்கு வருகிறவருக்கு அதுதான் சீசன்.

ஏப்ரல், மே தள்ளுபடியை எடுத்துவிட்டு வெள்ளி, சனிக்கு 2,000 ஆக்கினோம்.

பிறகு நடந்தது

புதிய விலை 2024 நவம்பர் நடுவில் வந்தது. மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. இரண்டு புக்கிங் ரத்து, இருவருக்கும் முழுப் பணமும் திரும்பிப் போனது. மகன் முகம் சுளித்தார். அந்த இருவரில் ஒரு குடும்பம் ஜனவரியில் திருவையாறு ஆராதனைக்கு வந்தபோது இரண்டு இரவு இங்கேதான் தங்கியது.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சறுக்கல். இரண்டு இரவு, இரண்டு பேர் புக்கிங் ஒன்று 2,345 ரூபாய்க்கு விழுந்திருந்தது. எங்கள் கோடு 2,424. நான் முதலில் தளத்தின் பிழை என்றே நினைத்தேன். பிழை எங்களுடையது. மழைக்கால 15, இரண்டு இரவு 17, இதற்கெல்லாம் முன்னால் மகன் எப்போதோ போட்டு மறந்த 'கடைசி நேரத் தள்ளுபடி' 10. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, 1,650 என்பது 1,048 ஆகியிருந்தது. ஒவ்வொரு தள்ளுபடியையும் தனித்தனியே சரிபார்த்த நாங்கள், சேர்ந்து விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. கடைசி நேரத் தள்ளுபடியை எடுத்தோம். அதன்பின் எந்த மாற்றம் செய்தாலும், விருந்தினர் மாதிரித் தேதி போட்டுத் தேடி, வருகிற மொத்தத் தொகையைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

மே 2025-இல் ஒரு பேராசையும் பட்டோம். குருப்பெயர்ச்சி மே 11, ஞாயிற்றுக்கிழமை. அந்த வார இறுதிக்குக் குறைந்தது இரண்டு இரவு என்று நிபந்தனை வைத்தது என் யோசனை. பத்து நாள் முன்பு வரை ஒருவரும் எடுக்கவில்லை. பெயர்ச்சிக்கு வருகிறவர் முதல் நாள் ராத்திரி தங்கி, மறுநாள் தரிசனம் முடித்து ஊருக்குப் போகிறவர். அவரிடம் இரண்டாவது ராத்திரியை விற்கப் பார்த்தேன். நிபந்தனையை எடுத்த மறுநாளே சனி இரவு நான்கு பேருக்குப் போனது.

2025 ஜனவரி முதல் அக்டோபர் வரை 67 தங்கல், 92 இரவு. அதில் 49 ஒரு இரவுத் தங்கல்கள். எல்லாச் செலவும் போய் (டீச்சரின் 600-ஐக் கழிக்காமல்) ஒரு இரவுக்குக் கையில் நின்றது சுமார் 960-லிருந்து 1,080 ஆயிற்று. பத்து மாதத்தில் 60,000 ரூபாயை ஒட்டி இருந்தது 99,000 பக்கம் வந்தது. இது முழுக்க விலையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் வருடத்தில் தளத்தில் நல்ல மதிப்புரைகள் சேர்ந்திருந்தன. செப்டம்பர் 22 முதல் இந்த அளவு வாடகைக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆனது. எங்கள் விலை அசையாமலே ஒரு இரவு மொத்தம் 2,128-லிருந்து 1,995-க்கு இறங்கியது. 2,000-க்குக் கீழே தெரிவதால் எவ்வளவு கூடியது என்று பிரித்துப் பார்க்க ஒரு மாத அனுபவம் போதாது.

'அறை மோசம்' குறிப்பு 67-இல் மூன்று.

கெட்டதும் உண்டு. ஒரு ராத்திரிக்காரர்கள் கூடியதால் ஆள் மாறுவது 41-லிருந்து 67 ஆகிவிட்டது. அத்தனை நாலரை மணிகள். ஆவணியில் டீச்சருக்கு முட்டி வீங்கிக்கொண்டது. அப்போதிலிருந்து திங்கள், செவ்வாய் இரவுகளை அடைத்து வைத்திருக்கிறோம். அந்த நாட்களில் வரவும் குறைவுதான்.

மறுபடி செய்தால் மாற்றுவது

டீச்சரின் உழைப்பை முதல் நாளே கணக்கில் சேர்ப்பேன், ரூபாயாக மட்டும் இல்லாமல் வாரத்துக்கு இத்தனை விடியல் என்றும். 600 நிற்கிறதா என்று பார்த்த நாங்கள், வாரத்துக்கு எத்தனை முறை எழுந்திருக்க முடியும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு இரவு விலையை 200 குறைத்திருக்கமாட்டோம், 100-தான் குறைத்திருப்போம்.

கூடுதல் ஆள் கட்டணத்தில் பள்ளிப் பிள்ளைகள் விஷயம் இன்னும் சரியாக உட்காரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்கிறது, அதற்கும் 250. டீச்சர் சில சமயம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் 'வி' என்று போடுகிறார். விலக்கு என்று அர்த்தமாம். கணக்கில் அதை எங்கே எழுதுவது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம். அந்த வாரத்துக்கு இரவுக்கு 6,000 போடலாம் என்று மகன் இப்போதே சொல்கிறார். தளத்தில் அவ்வளவு தூரத்துக்கு நாள்காட்டி திறக்காது. டீச்சர் மட்டும் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியை எழுதி, எதிரே 'தண்ணீர்த் தொட்டி இன்னொன்று' என்று குறித்து வைத்திருக்கிறார்.